புதுப்பிப்பு: வீடியோ கூப்பன் கோடு மட்டும் ஏன் அப்படி ஓடியது

நான் கேட்டிருந்தது: "மின்னஞ்சலுக்கு ஒன்று, வீடியோவுக்கு ஒன்று என்று தனித்தனி கோடு கொடுத்தேன். வீடியோ கோடுதான் அதிகம் ஓடுகிறது. நிஜமாகவே அங்கிருந்துதான் வாங்க வருகிறார்களா?"

பெரும்பாலும் இல்லை. உதவியவர்களுக்கு நன்றி. அந்தக் கோடு ஒரு கூப்பன் தளத்தில் ஏறியிருந்தது. பணம் கட்டும் பக்கம் வரை வந்தவர்கள் அங்கே கூப்பன் கோடு கேட்கும் காலிப் பெட்டியைப் பார்த்ததும் வேறு டேபில் தேடி எடுத்து ஒட்டியிருக்கிறார்கள், அதாவது எப்படியும் வாங்கியிருப்பார்கள்.

கோட்டின் பெயரை மாற்றச் சொன்னவர் பாதி சரி: எண்ணிக்கை உடனே சரிந்தது, அப்புறம் புதுக் கோடும் கசிந்தது. பலித்தது, ஆளுக்கு ஒன்று, ஒரே முறைதான் செல்லும் என்ற யோசனை. வீடியோவில் வாயால் தனிக்கோடு சொல்ல முடியாதே, அதனால் அதன் கீழுள்ள லிங்க்கில் மின்னஞ்சல் கொடுத்தால் `VID-7KQ4X` மாதிரி ஒன்று வரும். ஆளுக்கு ஆள் மாறும் பகுதியில் 0, O, 1, I ஆகியவற்றை விட்டுவிடுங்கள், தட்டச்சில் குழப்பும். தள்ளுபடி இரண்டு வழியிலும் ஒரே அளவு. இல்லையென்றால் ஆளை இழுத்தது வழியா சலுகையா என்று பிரிக்க முடியாது.

எதிர்பாராதது: மின்னஞ்சல் கோடுகளைப் பயன்படுத்தியவர்களில் பெரும்பாலோர் பழைய வாடிக்கையாளர்கள். கோடே அனுப்பாமல் ஒரு பகுதியினரை விட்டுவைத்து ஒப்பிடச் சொன்னார் ஒருவர், அதை இன்னும் செய்யவில்லை. துண்டுப்பிரசுரம் பற்றிக் கேட்டவருக்கு: அச்சில் ஒவ்வொன்றிலும் வேறு கோடு வர வேண்டும், அச்சகத்தில் முதலிலேயே கேளுங்கள்.