NULL-க்கு ஒரு சொல்: கோத்தகிரி மழைக் குறிப்பேட்டிலிருந்து

கோத்தகிரியிலிருந்து

குழுவில் எல்லோருக்கும் வணக்கம். பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் மழைக் குறிப்பேட்டைக் கணினியில் ஏற்றிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். தினமும் காலை எட்டரை மணிக்கு ரைட்டர் மழைமானியைப் பார்த்து மில்லிமீட்டரில் எழுதுவார். ஞாயிறு லீவு, யாரும் பார்ப்பதில்லை. அந்தக் கட்டம் காலியாகவே கிடக்கும்.

திரை முழுக்கத் தமிழில் இருக்க வேண்டும் என்பது அவர் கட்டளை. காலிக் கட்டத்துக்கு டேட்டாபேஸ் காட்டும் `NULL` வரும் இடத்தில் "இன்மை" என்று போட்டேன். பார்த்தவுடன், "மழை இன்மையா? ஞாயித்துக்கிழமை மத்தியானம் கொட்டித் தீர்த்துச்சே தம்பி" என்றார். அவர் சொல்வது சரிதான். மழையின்மை என்றால் மழை பெய்யவில்லை என்றுதான் பொருள். வேறு சொல் வேண்டும்.

கூடவே ஒரு கணக்குச் சிக்கலும் இருக்கிறது. செவ்வாய் முதல் திங்கள் வரை ஒரு வாரம்: 6, 0, 14, 9, 3, காலி, 24. ரைட்டர் காகிதத்தில் போட்ட சராசரி 8. என் திரையில் 9.33. கூட்டல் இரண்டிலும் 56தான்.

```sql
SELECT SUM(mazhai), AVG(mazhai), AVG(COALESCE(mazhai, 0))
FROM kurippu;
-- 56   9.33   8
```

மூன்றாவதாகக் காலியைச் சுழியம் ஆக்கிப் பார்த்தேன், அவர் விடை வந்துவிட்டது. ஆனால் மழை பெய்த ஞாயிற்றுக்கிழமைக்குச் சுழியம் போட்டால்தான் சரியான விடை வருகிறது என்பது எனக்கு உறுத்துகிறது.

கூடலூரிலிருந்து

அண்ணா, உங்கள் டேட்டாபேஸில் எங்கோ கோளாறு. `NULL` எதோடு சேர்ந்தாலும் விடை `NULL`தான். அப்படியென்றால் `SUM`-உம் `NULL` ஆகியிருக்க வேண்டும், 56 வந்திருக்கவே கூடாது. பேசாமல் அந்தக் கட்டத்துக்கு `DEFAULT 0` வைத்துவிடுங்கள், தொல்லை விட்டது. சொல்லுக்கு "வெற்று" போதும். பல இடங்களில் அப்படித்தான் பார்த்திருக்கிறேன்.

உதகையிலிருந்து

கூடலூர்த் தம்பி சொல்வது பாதி சரி. ஒரே வரிசையில் `6 + NULL` என்று எழுதினால் விடை `NULL`. ஆனால் `SUM`, `AVG`, `MIN`, `MAX` எல்லாம் ஒரு பத்தியை மேலிருந்து கீழாகப் பார்க்கிறவை. அவை `NULL` இருக்கும் வரிசைகளை முதலிலேயே ஒதுக்கிவிட்டு மிச்சத்தை எடுத்துக்கொள்ளும். கோளாறு இல்லை, விதியே அதுதான். `COUNT(*)` மட்டும் எல்லா வரிசையையும் எண்ணும். `COUNT(mazhai)` என்றால் ஒதுக்கிவிட்டு எண்ணும். இந்த வாரத்துக்கு இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் 7, 6 என்று வரும். எண்கள் இரண்டும் ஒன்றாக இல்லாத அறிக்கையில் சராசரியை நம்புவதற்கு முன் நான் ஒரு தடவை நின்றுவிடுவேன்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. `SUM`, `AVG` இரண்டும் "ஒதுக்குகின்றன" என்று நாம் ஒரே வார்த்தையில் சொல்கிறோம், ஆனால் விளைவு எதிரெதிர். `SUM` ஒரு நாளை ஒதுக்கினால், அன்று எதுவும் இல்லை என்று வைத்துக்கொண்டதாக ஆகிறது. `AVG` அதே நாளை ஒதுக்கினால், அன்றும் மற்ற நாள்களைப் போலவே இருந்திருக்கும் என்று வைத்துக்கொண்டதாக ஆகிறது. அதாவது ஒரே வினவலில், அந்த ஞாயிறு முதல் பத்தியில் 0, இரண்டாம் பத்தியில் 9.33. நாம் எழுதாத இரண்டு அனுமானங்கள் உள்ளே உட்கார்ந்திருக்கின்றன.

`DEFAULT 0` மட்டும் வேண்டாம் தம்பி. பிறகு மழை பெய்யாத புதனையும் யாரும் பார்க்காத ஞாயிற்றையும் பிரிக்க முடியாது. காலியாக இருப்பதை வேண்டும்போது சுழியமாக்கிக்கொள்ளலாம். சுழியத்தைத் திரும்பக் காலியாக்க ரைட்டரின் ஞாபகத்தைத்தான் கேட்க வேண்டும்.

குன்னூரிலிருந்து

பிள்ளைகளுக்கு வணக்கம். கணக்கு எனக்குப் பாதிதான் புரிகிறது, தமிழ் வாத்தியார்தானே. சொல்லைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

"நல்" என்று அப்படியே எழுதலாமா என்று முதலில் யோசித்தேன். "நல் மழை" என்று படித்தால் நல்ல மழை ஆகிவிடுகிறது. வேண்டாம். "வெற்று" என்பது பாத்திரம் காலி என்கிற பொருள். மழைமானிக்குள் ஒன்றும் இல்லை என்றுதான் ரைட்டர் படிப்பார். "இன்மை"யில் உள்ள அதே குறை.

நம் இலக்கணத்திலேயே இதற்கு ஒரு வழி இருக்கிறது. "நீர்க்குடம்" என்றால் நீரை உடைய குடம். "ஐ"யும் "உடைய"வும் எழுத்தில் இல்லை, பொருளில் இருக்கின்றன. அதைத் தொக்கு நிற்கிறது என்கிறோம். இருக்கிறது, ஆனால் வெளிப்படவில்லை. ஞாயிற்றுக்கிழமை மழையும் அப்படித்தானே? "தொகுமதிப்பு" என்று வைக்கலாமே.

உதகையிலிருந்து

அம்மா, சொல் அழகு. ஆனால் `SUM`-ஐ இந்தக் குழுவில் "தொகை" என்றுதானே எழுதுகிறோம். "தொகையில் தொகுமதிப்பு சேராது" என்று உதவிக் குறிப்பு எழுதினால் படிக்கிறவர் அழுதுவிடுவார்.

கட்டபெட்டுவிலிருந்து

மழைக்கு மட்டும் பார்க்கிறீர்களே, தேயிலைக்கும் சொல்லுங்கள். என் மகன் போனில் ஷீட் போட்டுக் கொடுத்திருக்கிறான். போன மாதம் மூன்று தரம் இலை பறித்தோம்: 210, 180, 240 கிலோ. மற்ற நாள் காலி. சராசரி 210 காட்டியது. பிறகு காலி இருந்தால் தப்பு என்று யாரோ சொல்லி, பறிக்காத நாளுக்கெல்லாம் 0 அடித்தேன். இப்போது சராசரி 21 காட்டுகிறது. என் இலை எங்கே போச்சு? ஃபேக்டரி விலைதான் குறைகிறது என்றால் இதுவுமா?

உதகையிலிருந்து

அண்ணே, இலை எங்கும் போகவில்லை. 630 கிலோவை மூன்று பறிப்பால் வகுத்தால் 210, முப்பது நாளால் வகுத்தால் 21. இரண்டும் சரி, கேள்விதான் வேறு. பறிப்புக்கு எத்தனை கூலி ஆள் வேண்டும் என்று பார்க்க 210 உதவும். நாளுக்கு எவ்வளவு இலை என்றால் 21. பறிக்காத நாளில் இலை சுழியம் என்பது உங்களுக்கே தெரிந்த உண்மை, அதனால் 0 போட்டது பொய்யில்லை.

ஆனால் பறித்து அனுப்பிவிட்டு எடைச் சீட்டு தொலைந்துபோன நாளுக்கு 0 போடாதீர்கள். 180 கிலோச் சீட்டு தொலைந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். காலியாக விட்டால் பறிப்புச் சராசரி 225, கொஞ்சம் கூடுதல்தான். 0 போட்டால் 150. கூட்டல் மட்டும் எப்படிப் போட்டாலும் 450தான், 180 கிலோ குறைச்சல். அதை எந்தச் சூத்திரமும் சரி செய்யாது. ஃபேக்டரிக்குப் போய்ப் பேரேட்டைப் பார்க்க வேண்டியதுதான்.

கோத்தகிரித் தம்பிக்கு: ஞாயிறு லீவு என்றாலும் மழைமானியின் பாட்டில் வெளியேதானே இருந்தது? திங்கள் எழுதிய 24 இரண்டு நாள் மழை. அதனால்தான் ஞாயிற்றைச் சுழியமாக்கினால் சராசரி சரியாக வருகிறது. ஆனால் அதை வைத்து "மழை பெய்த நாள்கள்" எண்ணாதே, "ஒரு நாள் அதிகபட்ச மழை" என்றும் 24-ஐ அச்சடிக்காதே. அது ஒரு நாள் மழை இல்லை.

கோத்தகிரியிலிருந்து

ரைட்டரைக் கேட்டேன், இரண்டு நாள் மழைதான். அப்படியானால் எல்லாக் காலியையும் சுழியமாக்கிவிடலாம் என்று அடுத்த வாரத்தை ஓட்டினேன். அங்கே மாட்டிக்கொண்டேன்.

5, 10, காலி, 0, 2, காலி, 18. இரண்டாவது காலி வழக்கமான ஞாயிறு. முதலாவது வியாழன். புதன் ராத்திரி காட்டெருமை வேலிக்குள் புகுந்து மழைமானியைச் சாய்த்துவிட்டது. தண்ணீர் மண்ணில் போனது. காலையில் நிமிர்த்தி வைத்திருக்கிறார்கள். கூட்டல் 35. ஒதுக்கினால் 35-ஐ 5 ஆல் வகுத்து 7. சுழியமாக்கினால் 7 ஆல் வகுத்து 5. இரண்டுமே தப்பு. அளந்து வந்த மழை ஆறு நாளுக்கு உரியது, எனவே 5.83. ஒரே பத்தியில் இரண்டு விதக் காலி. ஒன்றின் மழை அடுத்த நாளுக்குள் இருக்கிறது, இன்னொன்றின் மழை எங்கேயும் இல்லை.

கடைசியில் இன்னொரு பத்தி சேர்த்தேன். அந்த அளவு எத்தனை நாளுக்கு உரியது என்று ரைட்டரே எழுதுவார். சாதாரண நாளுக்கு 1, திங்களுக்கு 2, காலி நாள் இரண்டுக்கும் 0.

```sql
SELECT SUM(mazhai) * 1.0 / SUM(naatkal) FROM kurippu;
```

வாரத்தைத் தனித்தனியாக ஓட்டினால் முதல் வாரம் 8, இரண்டாம் வாரம் 5.83. `COALESCE` தேவைப்படவில்லை. `1.0` எதற்கென்றால், இரண்டும் முழு எண்ணாக இருந்தால் சில டேட்டாபேஸ்கள் 5 என்று வெட்டிவிடும்.

கூடலூரிலிருந்து

அண்ணா, `DEFAULT 0` பற்றிச் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் நான் ஒன்று கண்டுபிடித்தேன். மாதம் முழுக்கக் காலி என்றால் `SUM` 0 தருவதில்லை, `NULL` தருகிறது! எஸ்கியூலைட்டில் `total()` என்று ஒன்று இருக்கிறது, அது 0.0 தருகிறது. அறிக்கைக்கு அதைப் போட்டால் அழகாக இருக்குமே?

உதகையிலிருந்து

அழகாக இருக்கும், அதுதான் ஆபத்து. மழைமானியைப் பழுதுக்குக் கழற்றிய நவம்பர் "0.0" என்று அச்சாகும். வடகிழக்குப் பருவமழைக்காலத்துக் கோத்தகிரியில் நவம்பர் முழுக்கச் சொட்டு மழை இல்லை என்றால் ரைட்டர் சிரிப்பார். சமவெளியில் உட்கார்ந்து அறிக்கை படிக்கிறவர் நம்பிவிடுவார். அந்த மாதத்துக்கு ஒரு கோடு போடு. விற்பனையே நடக்காத மாதத்தின் வசூல் போன்ற கணக்குக்கு `total()` பொருந்தும்.

குன்னூரிலிருந்து

தொகுமதிப்பை விட்டுவிடுகிறேன், வருத்தத்தோடுதான். இப்போது எனக்கு இப்படிப் படுகிறது: இல்லாதது மழை அல்ல, பதிவு. சொல்லிலும் அது தெரிய வேண்டும். "பதிவின்மை" என்று வைக்கலாம். அல்லது "விடுபதிவு": விட்ட பதிவு, விடும் பதிவு, வினைத்தொகையாக நிற்கும்.

கோத்தகிரியிலிருந்து

"விடுபதிவு" திரையில் கட்டத்துக்குள் அடங்குகிறது அம்மா. "விடுபதிவு 2, பதிவு 5" என்று சராசரிக்குப் பக்கத்திலேயே போட்டுவிட்டேன்.

உதகையிலிருந்து

மழைக்குச் சரி. ஆனால் கட்டபெட்டு அண்ணன் ஒரு பத்தியில் "கவாத்து தேதி" வைத்திருந்து, நேற்று நட்ட செடிக்கு அது காலியாக இருந்தால்? யாரும் எதையும் விடவில்லையே, இன்னும் நடக்கவே இல்லை. அதற்கும் `NULL`தான் வரும். "விடுபதிவு" என்றால் யாரோ தவறவிட்டதுபோல் தொனிக்கிறது. என் ஓட்டு "பதிவின்மை"க்கு.

கூடலூரிலிருந்து

பதிவின்மையிலும் அந்த "இன்மை" வந்துவிட்டதே! ரைட்டர் மறுபடியும் கேட்பார்.

கட்டபெட்டுவிலிருந்து

நான் 0 அடித்ததையெல்லாம் மகன் அழித்துக்கொண்டிருக்கிறான். பறிக்காத நாள் எது, சீட்டு தொலைந்த நாள் எது என்று கேட்கிறான். 12ஆம் தேதி பறித்தோமா இல்லையா என்று வீட்டில் இரண்டு பேச்சாக இருக்கிறது. அதற்கு என்ன பெயர்?