கொன்ராக்ட் நோட் விளங்கின ஆக்கள் இருந்தால் சொல்லுங்கோ

வணக்கம். வெள்ளவத்தையில இருந்து எழுதுறன். கொழும்பு பங்குச் சந்தையில முதல் தரமா ஒரு பங்கு வாங்கி வித்துப் பார்த்தன். 500 பங்கு, 42 ரூபாய்க்கு வாங்கினது. 42.60க்கு வித்தன். 300 ரூபாய் லாபம் எண்டுதான் நினைச்சன். கணக்கில 173.76 ரூபாய் குறைஞ்சிருந்தது.

ராத்திரி இருந்து புரோக்கர் அனுப்பின கொன்ராக்ட் நோட்டை வரி வரியாப் பார்த்தன். வாங்கின பெறுமதி 21,000. அதில புரோக்கர் கொமிஷன் 0.64 வீதம், 134.40. பங்குப் பரிவர்த்தனை வரி 0.3 வீதம், 63 ரூபாய். மிச்சம் சின்னச் சின்னது: பங்குச் சந்தைக்கு 17.64, பிணையங்கள் ஆணைக்குழுவுக்கு 15.12, பங்குகளைப் பதிஞ்சு வச்சிருக்கிற சீ.டி.எஸ்.க்கு 5.04. எல்லாமாக 235.20, அதாவது 1.12 வீதம். விக்கேக்கையும் அதே 1.12 வீதம், 238.56 ரூபாய் கழிஞ்சிருக்கு. அந்த 0.3 வீத வரி வாங்கிறவருக்கு மட்டும்தான் எண்டு நான் பிழையா நினைச்சிட்டன்.

என்னைக் குழப்பினது ஆப். சராசரி விலை 42.47 எண்டு காட்டினது, 42.60 வந்ததும் பச்சையாயிட்டுது. வாங்கின செலவு அதுக்குள்ள சேர்ந்திருக்கு, விக்கிற செலவு சேரேல்ல. என்ர கணக்குப்படி 42.90க்கு வித்தாலும் 25 ரூபாய் நட்டம், 43 வந்தால்தான் கையைக் கடிக்காது.

இந்தக் கணக்குச் சரிதானே? ஒரே நாளில வாங்கி வித்தால் ஏதும் கட்டணம் குறையுமோ? ஓடர் போட முதலே இதைப் பார்க்க நீங்கள் என்ன செய்யிறனீங்கள்? அடுத்த கிழமை அம்மாவின்ர காசையும் போட இருக்கிறன், அதுக்கு முதல் தெளிவா விளங்க வேணும்.