இரண்டாம் வகை நீரிழிவில் பின்னூட்டல் எங்கே அறுகிறது?

கொழும்பு, வெள்ளவத்தை. உயர்தர உயிரியல் ஒப்படை, வெள்ளிக்கிழமை கையளிக்க வேண்டும். இரு வகை நீரிழிவையும் ஒரே பின்னூட்டல் வரைபடத்தில் ஒப்பிடச் சொல்லியிருக்கிறார்கள்.

முதல் வகை சிக்கலில்லை. சதையியின் பீட்டா கலங்கள் அழிவதால் குளுக்கோசின் ஏற்றத்தை உணர்வதும் இன்சுலினைச் சுரப்பதும் சேர்ந்தே போய்விடுகின்றன. பின்னூட்டல் அறுவதைக் காட்ட அங்கே சிவப்புக் கோடு போட்டுவிட்டேன்.

இரண்டாம் வகையில்தான் நிற்கிறேன். முதலில் ஈரல், தசைக் கலங்களில் மட்டும் கோடு போட்டேன்: இன்சுலின் வருகிறது, கலம் சரியாகக் கேட்பதில்லை. ஆனால் அப்படியென்றால் பீட்டா கலங்கள் இன்னும் கூடுதலாகச் சுரந்து குளுக்கோசை இறக்கியிருக்க வேண்டுமே? இன்சுலின் எதிர்ப்புத்தன்மை இருந்தும் பலருக்குக் குளுக்கோசு அளவு ஏறாததற்கு அதுதானே காரணம். 75 கிராம் குளுக்கோசு குடித்து 2 மணித்தியாலத்தின் பின் 200 மி.கி./டெ.லீ. தாண்டுகிறது என்றால் சுரப்பும் தேவைக்குப் போதவில்லை என்றே அர்த்தம். பாடநூலையும் இரண்டு வழிகாட்டிகளையும் பார்த்தேன். மூன்றிலும் 'கலங்கள் இன்சுலினுக்குத் துலங்குவதில்லை' என்ற ஒரே வரிதான்.

குளூக்ககோன் உணவுக்குப் பிறகும் போதியளவு குறையாதது இரு வகைக்கும் பொது என்பதால் அதைத் தனியே எழுதிவிட்டேன்.

இரண்டாம் வகைக்கு ஈரல், தசையிலும் பீட்டா கலத்திலும் என இரண்டு இடத்தில் கோடு போடுவது சரியா?