பத்து எரிமலைகள் ஸ்கிரிப்ட்: பட்டியலைக் கதையாக மாற்ற உதவி தேவை

குமிழி (கேள்வி):

வணக்கம். அதிக உயிர்களைப் பறித்த பத்து எரிமலை வெடிப்புகளைப் பற்றிப் பத்து நிமிடக் காணொளிக்காக ஒரு ஸ்கிரிப்ட் எழுதியிருக்கிறேன். பத்தாம் இடத்தில் தொடங்கி நான்காவதாக ரூயிஸ், மூன்றாவதாக பெலே, இரண்டாவதாக கிரகடோவா, முதலாவதாக தம்போரா என்று வரிசை முடிகிறது. இதே அமைப்பில் முன்பு வெளியிட்ட காணொளிகளில் எந்த நொடியில் எத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று காட்டும் வரைபடத்தை யூடியூப் ஸ்டுடியோவில் பார்த்தால், திரையில் எண் தோன்றும் இடங்களிலெல்லாம் கோடு ஒரு படி இறங்குகிறது. கடைசி எண்ணில் மட்டும் சற்று ஏறுகிறது. நடுவில் உள்ளவற்றைத் தாண்டி நேராக முதலிடத்துக்குப் போகிறார்கள் என்று நினைக்கிறேன். ஒரு பகுதியைக் கீழே தருகிறேன்.

"நான்காம் இடத்தில் இருப்பது கொலம்பியாவின் நெவாடோ டெல் ரூயிஸ். இது 1985 நவம்பர் 13 அன்று வெடித்தது. சுமார் 23,000 பேர் உயிரிழந்தனர். உலகையே உலுக்கிய இந்தத் துயரம் இன்றும் மறக்கப்படவில்லை."

பத்துப் பகுதிகளும் இதே வார்ப்பில்தான் இருக்கின்றன. தகவல்களை மாற்றாமல் ஆர்வம் படிப்படியாகக் கூடும்படி இதை எப்படித் திருத்துவது?

திரைக்கரை:

ஒவ்வொரு பகுதியின் முதல் வாக்கியத்தையும் வேறு வேறு விதமாகத் தொடங்குங்கள். ஒன்றை ஒரு மனிதரிடமிருந்தும், இன்னொன்றை ஓர் ஒலியிலிருந்தும் தொடங்கலாம். கிரகடோவாவின் வெடிச் சத்தம் ஏறத்தாழ 4,800 கிலோமீட்டர் தொலைவில் இருந்த ரோட்ரிகஸ் தீவில் கேட்டது என்பதே நல்ல தொடக்கம். பகுதி முடியும்போது, அடுத்து வருவது இதைவிடப் பயங்கரமானது என்று ஒரு கொக்கி போட்டுவிட்டால் பார்ப்பவர் போகமாட்டார்.

ஒலிநாடா:

குமிழி அவர்களே, நான் பல ஆண்டுகள் வானொலிக்கு விவரணச் சித்திரங்கள் எழுதியவன். திரைக்கரை சொன்ன முதல் யோசனை நல்லது. அதனால் காதுக்கு அலுப்புக் குறையும், ஆனால் வரைபடத்தில் இறக்கம் நிற்காது. கொக்கி இரண்டு முறை பலிக்கும், மூன்றாம் முறை கேட்பவர் அதை நம்பமாட்டார்.

ஒரு சோதனை செய்து பாருங்கள். ஸ்கிரிப்டில் ஏதேனும் இரண்டு பகுதிகளை இடம் மாற்றி, எண்ணை மட்டும் திருத்தி, மறுபடி வாசியுங்கள். எதுவும் உடையவில்லை என்றால், ஒரு பகுதியில் தெரிந்துகொண்டது அடுத்த பகுதிக்குத் தேவைப்படவே இல்லை என்று பொருள். ஒவ்வோர் எண்ணிலும் கேட்பவருடைய அக்கறை மறுபடி சுழியத்திலிருந்து தொடங்குகிறது. விலகிப்போக அதுவே வசதியான இடம்.

அதனால் முதலில் பத்துக்கும் பொதுவான ஒரே கேள்வியைத் தேடுங்கள். உங்கள் தகவல்களுக்குள்ளேயே அது இருக்கிறது: மலை முன்கூட்டியே அறிகுறி காட்டியும் மக்கள் ஏன் தப்பவில்லை? இந்தக் கேள்வியோடு பார்த்தால் மூன்று நிகழ்வுகள் தாமாகவே ஒன்றையொன்று இழுக்கும்.

1902இல் மார்த்தினிக் தீவின் செயின்ட் பியர் நகரத்துக்கு மேலே பெலே மலை பல நாட்கள் சாம்பலைத் தூவியது. அதன் பொருளைச் சொல்லக்கூடிய அறிவியல் அன்று இல்லை. மே 8 காலையில் வெப்ப வாயுவும் சாம்பலும் கலந்த மேகம் சில நிமிடங்களில் நகரத்தை அழித்தது. சுமார் 28,000 பேர் இறந்தார்கள். அழிந்த நகரத்தைப் பிறகு நேரில் போய்ப் பார்த்த தாமஸ் ஜாகர் என்ற அமெரிக்கப் புவியியலாளர் எரிமலைகளை இடைவிடாமல் கண்காணிக்க வேண்டும் என்று முடிவு செய்தார். 1912இல் ஹவாயில் கண்காணிப்பு நிலையம் எழுந்தது. ஆகவே அறிவு வந்துவிட்டது. ஆனால் 1985இல் ரூயிஸில் அறிவு இருந்தும் மக்கள் இறந்தார்கள். ஆகவே 1986இல், உலகில் எங்கே எரிமலை விழித்தாலும் அங்கே போய் உதவுவதற்கென்று அமெரிக்கா ஒரு குழுவை அமைத்தது. 1991இல் பிலிப்பைன்ஸின் பினாடுபோ விழித்தபோது, உள்ளூர் அறிவியலாளர்களோடு நின்றது அந்தக் குழுதான்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். பினாடுபோ இருபதாம் நூற்றாண்டின் மிகப் பெரிய வெடிப்புகளில் ஒன்று. ஆனாலும் உங்கள் பத்தில் அது இல்லை, இருக்கவும் முடியாது, ஏனென்றால் அங்கே பெரும்பாலானோர் முன்பே வெளியேற்றப்பட்டார்கள். உயிரிழப்பை வைத்து அடுக்கியதால் கதையின் உச்சம் பட்டியலுக்கு வெளியே விழுந்துவிட்டது.

மாலதி_விமர்சனம்:

நான் 15,000 ரூபாய்க்குள் வாங்கக்கூடிய கைபேசிகளைப் பற்றி இதேபோல் பத்துப் பத்தாகக் காணொளி போடுகிறேன். அப்படியானால் நானும் எண்களை எடுத்துவிட்டுக் கதையாகச் சொல்ல வேண்டுமா? என் வரைபடமும் இப்படித்தான் படிப்படியாக இருக்கிறது.

ஒலிநாடா:

வேண்டாம் அம்மா. உங்களிடம் வருபவர் தனக்கு வேண்டிய ஒரு கைபேசியைத் தேடி வருகிறார். தாவிப் பார்ப்பது அவருக்குப் பயன், அதைத் தடுத்தால் எரிச்சல்தான் வரும். பட்டியலாகவே வைத்து, எந்த நிமிடத்தில் எந்தக் கைபேசி என்ற குறிப்பைக் கீழே கொடுத்துவிடுங்கள்.

குமிழி:

மிக்க நன்றி ஐயா. இடம் மாற்றும் சோதனையில் எதுவும் உடையவில்லை. ரூயிஸ் பகுதியை மட்டும் திருத்தி எழுதியிருக்கிறேன்.

"1985 அக்டோபரில் கொலம்பியாவில் ஒரு வரைபடம் தயாரானது. ரூயிஸ் வெடித்தால் சேறு எந்த வழியாக ஓடும் என்று அது காட்டியது. அந்த வழியில் ஆர்மேரோ என்ற ஊர் இருந்தது. நவம்பர் 13 இரவு ஒன்பது மணிக்குச் சற்றுப் பிறகு மலை வெடித்து, உச்சியில் இருந்த பனி உருகியது. சேறு ஆர்மேரோவை அடைய இன்னும் ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் இருந்தது."

இறந்தவர்களின் எண்ணிக்கையை எங்கே சொல்வது? மீதமுள்ள வெடிப்புகளை என்ன செய்வது?

ஒலிநாடா:

இந்தப் பத்தி நன்றாக இருக்கிறது. அந்த இரண்டரை மணி நேரத்தைக் கேட்டவர் இனி எழுந்து போகமாட்டார். எண்ணிக்கையை முன்னால் சொன்னால் முடிவு தெரிந்துவிடும், ஆகவே சேறு ஊரை அடைந்த பிறகு, அடைமொழி எதுவும் இல்லாமல் ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள். "உலகையே உலுக்கிய" என்பதைப் பத்து இடங்களிலும் நீக்கிவிடுங்கள்.

மற்றவற்றில் கிரகடோவாவைத் தொடக்கத்தில் அரை நிமிடம் பயன்படுத்தலாம். அங்கே 36,000 பேரில் பெரும்பாலோரைக் கொன்றது கடல் அலை என்பதால், எரிமலை பல வழிகளில் கொல்லும் என்று கேட்பவர் புரிந்துகொள்வார், ரூயிஸில் சேறு வரும்போது அது அவருக்கு உதவும். உங்கள் கேள்விக்கு விடை தராத மற்றவை எவ்வளவு பெரியவையானாலும் வெளியே இருக்கட்டும்.

பினாடுபோவுக்குக் கடைசி மூன்று நிமிடங்களைக் கொடுங்கள், ஏனென்றால் அங்கேதான் கேள்வி கடினமாகிறது: இந்த முறை அறிவியலாளர்கள் சொல்லிவிட்டார்கள், மக்கள் நம்புவார்களா? மோரிஸ், காத்யா கிராஃப்ட் என்ற பிரெஞ்சுத் தம்பதியர் எரிமலை ஆபத்துகளைப் பற்றித் தயாரித்த காணொளியை அதிகாரிகளுக்கும் மக்களுக்கும் போட்டுக் காட்டித்தான் நம்பவைத்தார்கள். அந்தத் தம்பதியரோ ஜூன் 3 அன்று ஜப்பானின் உன்சென் எரிமலையில் இறந்துபோனார்கள்; பினாடுபோவின் பெரு வெடிப்பு ஜூன் 15 அன்று நடந்தது. இதற்குச் சோக இசை தேவையில்லை, இரண்டு தேதிகளையும் அடுத்தடுத்துச் சொன்னால் போதும்.

முடிவை முழு வெற்றியாகக் காட்டிவிடாதீர்கள். அதே நாளில் வந்த புயலின் மழையில் சாம்பல் நனைந்து கனத்ததால் கூரைகள் இடிந்து பலர் இறந்தார்கள். வெளியேற்றப்பட்ட ஏட்டா பழங்குடியினரில் பலர் முகாம்களில் நோயால் இறந்தார்கள். அதையும் சொல்லுங்கள்.

திரைக்கரை:

கதை அமைப்பை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தலைப்பில் "பத்து" இல்லையென்றால் யார் சொடுக்குவார்கள்? எண் போட்ட தலைப்புக்குத்தான் இந்தச் சேனலில் ஆட்கள் வந்து பழகியிருக்கிறார்கள். தம்போராவைக்கூடச் சொல்லாமல் விட்டால் பின்னூட்டத்தில் நூறு பேர் கேட்பார்கள்.

ஒலிநாடா:

தம்போராவைப் பற்றி நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. 1815இல் அதை எதிர்பார்த்தவர் யாருமில்லை என்று தொடக்கத்தில் ஒரு வாக்கியம் சேர்க்கலாம். தலைப்பில் மட்டும் நான் உடன்படவில்லை. பத்து என்று சொல்லிவிட்டு நான்கு வெடிப்புகளைக் காட்டினால், வந்தவர் ஐந்தாவதைத் தேடிக்கொண்டே இருப்பார்.

குமிழி:

இரண்டு தலைப்புகளையும் எழுதிவைத்திருக்கிறேன், இன்னும் முடிவு செய்யவில்லை. பினாடுபோ பகுதியை எழுதத் தொடங்கிவிட்டேன்; ஏப்ரல் 2 அன்று மலையில் நீராவி வெடித்துக் கிளம்பியதிலிருந்து தொடங்குவதா, ஜூன் 10 அன்று மலைக்கு அருகில் அமெரிக்கா வைத்திருந்த கிளார்க் விமானத் தளம் காலியானதிலிருந்து தொடங்குவதா என்பதில் குழப்பம். முதலாவதில் சந்தேகப்படுவதற்குக் காலம் கிடைக்கிறது, இரண்டாவதில் வேகம் கிடைக்கிறது. எழுதியவர்கள் யாரேனும் இருந்தால் சொல்லுங்கள்.