பூக்கட்டிப் பார்த்தது பலித்தது, தற்செயலா? உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

கடைமடைக்காரன்:
எங்கள் ஊர் நாகப்பட்டினம் பக்கம், காவிரித் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் இடம். குறுவை போடலாமா வேண்டாமா என்று அப்பா அய்யனார் கோயிலில் பூக்கட்டிப் பார்ப்பார். வெள்ளைப் பூ ஒன்று, சிவப்பு ஒன்று, தனித்தனிக் காகிதத்தில் மடித்துப் போட்டு, சின்னப் பிள்ளையை விட்டு எடுக்கச் சொல்வார். 2023-இல் சிவப்பு வந்தது. மேட்டூரை ஜூன் 12 அன்றே திறந்துவிட்டார்கள், எல்லாரும் விதைத்தார்கள், அப்பா மட்டும் விதைக்கவில்லை. தண்ணீர் எங்கள் பக்கம் சரியாக எட்டவே இல்லை. பக்கத்து வயல்கள் கருகின. அக்டோபர் 10-ஆம் தேதி அணையையும் மூடினார்கள். அன்றிலிருந்து வீட்டில் பூ சொன்னால் மறுபேச்சு இல்லை. எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை.

மன்னை_வாசகன்:
இதைத்தான் சுவிஸ் உளவியலாளர் யுங் நிரூபித்தார். ஒரு பெண் தங்க வண்டு கனவில் வந்ததைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஜன்னலில் வண்டு வந்து மோதியது. பாலி என்ற இயற்பியல் மேதையும் அவரோடு சேர்ந்து 1952-இல் புத்தகம் போட்டார். குவாண்டம் சார்.

புதுவரவு:
அய்யா எந்த அய்யனார் கோயில்? என் தங்கைக்கு ஜாதகம் ரெண்டு வந்திருக்கு, எதுன்னு கேக்கணும். போன வாரம் பல்லி வேறு வலது தோளில் விழுந்தது.

குடந்தை_அக்கா:
வேளாண் துறையில் பயிர் அறுவடைக் கணக்கு எடுத்து ஓய்வு பெற்றவள். மன்னை தம்பி, வண்டு கதையும் புத்தகமும் உண்மை. ஆனால் யுங் நிரூபிக்கவில்லை, காரணமில்லாமல் அர்த்தத்தால் மட்டும் இரண்டு சம்பவங்கள் இணையலாம் என்று முன்வைத்தார். அந்த வண்டும் அங்கே தோட்டங்களில் சாதாரணமாகத் திரியும் ரோஜா வண்டுதான். வண்டு வராமல் போன கனவுகளை யாரும் கதையாகச் சொல்வதில்லை.

கடைமடை தம்பிக்கு வருகிறேன். சிவப்பு வந்து பயிர் கருகிய ஒரு வருஷத்தை மட்டும் சொன்னீர்கள். சிவப்பு வந்து அக்கம்பக்கம் நன்றாக விளைந்த வருஷம், வெள்ளை வந்து விளைந்தது, வெள்ளை வந்து போனது, இந்த மூன்றையும் எழுதினால்தான் கணக்கு. ஊரில் நாற்பது குடும்பம் பூக்கட்டிப் பார்ப்பதாக வையுங்கள். பாதிக்குப் பாதி வாய்ப்பு என்றால், மூன்று வருஷம் தொடர்ந்து சரியாக வருவது எட்டில் ஒரு பங்கு. அதாவது பூவுக்கு ஒன்றுமே தெரியாவிட்டாலும் ஐந்து குடும்பத்துக்கு மூன்று வருஷமும் பலித்திருக்கும். டீக்கடையில் பேசுவது அந்த ஐந்து வீடுதான்.

கடைமடைக்காரன்:
அப்பாவிடம் கேட்டேன் அக்கா. 2012-இல் வெள்ளை வந்ததாம். அந்த வருஷம் மேட்டூரை செப்டம்பரில்தான் திறந்தார்கள், குறுவையே இல்லை. “அன்னைக்கு எடுத்த பிள்ளை சாமி கும்பிடாம எடுத்துட்டான்” என்கிறார். இன்னொன்றும் கவனித்தேன். கும்பகோணம் பக்கம் மாமாவுக்கு பம்புசெட், நல்ல நிலத்தடி நீர். அவர் பூக்கட்டிப் பார்ப்பதே இல்லை. எங்களுக்கு போர் போட்டால் உப்புத் தண்ணீர்தான்.

குடந்தை_அக்கா:
பிள்ளை மேல் பழி போட்டாரா? தவறிய வருஷம் கணக்கிலிருந்து கழிவது இப்படித்தான்.

மாமா விஷயத்தை மாலினோவ்ஸ்கி என்ற மானிடவியலாளர் நூறு வருஷத்துக்கு முன்பே ட்ரோப்ரியாண்ட் தீவுகளில் எழுதிவைத்தார். உள்கழியில் மீன் பிடிக்கப் போகிறவர்களிடம் மந்திரம் இல்லை, ஆபத்தான திறந்த கடலுக்குப் போகிறவர்களிடம் விரிவான சடங்கு இருந்தது. கைக்கு எட்டாத ஒன்றின் மேல் பிழைப்பு நிற்கும்போதுதான் சகுனம் தேவைப்படுகிறது.

மன்னை_வாசகன்:
சரி, நிரூபித்தார் என்றது தப்பு. ஆனால் வாய்ப்புக் கணக்கு ஊருக்குப் பொருந்தும் அக்கா. அந்த அப்பாவுக்கு அந்த வருஷம் ஏன் என்பதற்கு அது பதில் இல்லையே?

குடந்தை_அக்கா:
இல்லைதான். லாட்டரியில் ‘ஏன் இவருக்கு’ என்று கேட்டாலும் அதே நிலைமை. அந்தக் கேள்விக்கு ஒரு பதில் இருந்தாக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை, நீங்கள் நினைக்கிறீர்கள்.

திருவாரூர்_மருமகள்:
எங்கள் மாமனார் வீட்டிலும் உண்டு. பிடிக்காத பூ வந்தால் “சாமி தெளிவா சொல்லலை” என்று மறுபடி போடுவார்கள். இரண்டு தடவை போட்டால் வெள்ளை ஒரு முறையாவது வர நாலில் மூன்று வாய்ப்பு. விதைக்கணும் என்று முன்பே முடிவு செய்தவருக்கு வெள்ளை வந்தே தீரும். ஒன்று சொல்லணும், அண்ணன் தம்பி சண்டை அதோடு நின்றுவிடும். நஷ்டமானாலும் “நீதானே சொன்னே” என்று ஒருவரை ஒருவர் குத்த முடியாது. அதற்காகவே நான் தடுக்கிறதில்லை.

தம்பி, 2023-இல் உங்கள் அப்பா எத்தனை தடவை போட்டார்?

கடைமடைக்காரன்:
கேட்டேன். ஒரே தடவைதான் என்கிறார் அப்பா. அம்மா பக்கத்தில் நின்று சிரிக்கிறார், என்னவென்று சொல்ல மாட்டேன் என்கிறார்.