பொங்கல் செலவுக் கணக்கு: 7 படங்கள், 6 பில்கள்

சரவணன், இரவு 8.12
அனைவருக்கும் வணக்கம். நம் புளோக்கின் பொங்கல் விருந்துக்காக நீங்கள் அனுப்பிய 7 படங்களில் இருந்த தொகைகளையும் கூட்டிவிட்டேன், மொத்தம் 754.57 வெள்ளி வருகிறது. குடியிருப்பாளர் குழுவின் படிவத்தில் உணவு, பொருள்கள், போக்குவரத்து என மூன்று வகைகள் உள்ளன. ஒவ்வொரு பில்லையும் ஒரு வகையில் போட்டு வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்துவிடலாமா?

வளர்மதி அக்கா, 8.20
கொஞ்சம் பொறுங்கள் தம்பி. 287.76 என்ற தொகை இரண்டு படங்களில் இருக்கிறது. முதல் படம் உணவகத்தின் பில், இரண்டாவது கார்டு இயந்திரம் கொடுத்த சீட்டு. ஒரே நாள், ஒரே தொகை, நேரத்தில் இரண்டு நிமிட வித்தியாசம். சீட்டில் கார்டு எண்ணின் கடைசி நான்கு இலக்கங்கள் இருக்கின்றனவே தவிர, என்ன சாப்பாடு வாங்கினோம் என்று ஒரு வரிகூட இல்லை. செலவு ஒன்றுதான். சீட்டைப் பணம் கட்டியதற்குச் சான்றாக இணைக்கலாம், ஆனால் கூட்டலில் சேர்க்கக் கூடாது.

மீனா, 8.24
தவறு என்னுடையது, அக்கா. சான்று அதிகமாக இருந்தால் நல்லது என்று நினைத்து இரண்டையும் அனுப்பினேன். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: அந்தப் பில்லில் 40 வெள்ளிக்கு என் வீட்டுக்கு வாங்கிய பிரியாணியும் இருக்கிறது.

சரவணன், 8.26
அப்படியானால் 40 வெள்ளியோடு 9 விழுக்காடு பொருள், சேவை வரியையும் சேர்த்து 43.60 கழித்துவிடுகிறேன்.

வளர்மதி அக்கா, 8.33
வரியைச் சேர்த்தது சரி, ஆனால் பாதிதான். பில்லின் கீழ்ப்பகுதியைப் பெரிதாக்கிப் பாருங்கள்: சாப்பாட்டுக்கு 240.00, அதன்மேல் 10 விழுக்காடு சேவைக் கட்டணம் 24.00, பிறகு 264.00 வெள்ளி மீது வரி 23.76. வரி சேவைக் கட்டணத்தின் மீதும் விழுவதால், மீனாவின் 40 வெள்ளி முதலில் 44 ஆகி, அதன்மேல் வரியும் சேர்ந்து 47.96 ஆகிறது. அதைக் கழித்தால் நமக்கு 239.80. சரிபார்க்க வேண்டுமானால் மீதி 200 வெள்ளிச் சாப்பாட்டுக்கு இதே கணக்கைப் போடுங்கள்; அதே 239.80 வர வேண்டும்.

பேரங்காடிப் பில்லில் இந்தத் தொல்லை இல்லை. அங்கே அலமாரித் தட்டில் ஒட்டியிருக்கும் விலையிலேயே வரி அடங்கிவிடுகிறது. ஆகவே 46.85 வெள்ளிப் பில்லில் உங்கள் வீட்டுச் சலவைத்தூள் 18.90 என்றால், அதை அப்படியே கழித்தால் போதும். மீதியை முழுதும் உணவு என்று போட்டுவிடாதீர்கள்: அரிசியும் வெல்லமும் 15.60, காகிதத் தட்டுகள் 12.35. படம் ஒன்றுதான், படிவத்தில் வரிகள் இரண்டு. இரண்டிலும் அதே படத்தின் எண்ணை எழுதுங்கள்.

ராஜம்மாள் ஆன்ட்டி, 8.41
போன மாதம் பல் மருத்துவரிடம் போன பில்லின் படம் என் கைப்பேசியில் இருக்கிறது. அதையும் இந்தப் படிவத்திலேயே சேர்க்கலாமா, வளர்மதி?

வளர்மதி அக்கா, 8.43
இது பொங்கல் செலவுக்கு மட்டும், ஆன்ட்டி. அதை உங்கள் மகனுடைய அலுவலகத்தில்தான் கேட்க வேண்டும். அந்தத் தாளை வெயிலில் வைக்காதீர்கள், எழுத்து மங்கிவிடும்.

சரவணன், 8.50
தோரணக் கடைப் பில்லை 62.40 என்று படித்தேன். இப்போது பார்த்தால் முதல் இலக்கம் 8 போலவும் தெரிகிறது.

வளர்மதி அக்கா, 8.54
கண்ணை நம்பாமல் பொருள்களின் விலையைக் கூட்டிப் பாருங்கள். மாலையும் தோரணமும் 37.50, கோலப்பொடியும் அகல்களும் 24.90, கூட்டினால் 62.40தான். வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கித்தான் அனுப்பும். படிவத்தோடு இணைக்கும் படத்தை ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள்.

சரவணன், 9.07
திருத்திவிட்டேன். உணவுக்கு உணவகம் 239.80, அரிசியும் வெல்லமும் 15.60, தேக்காவில் வாங்கிய காய்கறி 38.00, ஆக 293.40. பொருள்களுக்கு 74.75. டாக்சி இரண்டும் சேர்ந்து 31.80. மொத்தம் 399.95. பழைய கூட்டலில் கூடுதலாக இருந்த 354.62 வெள்ளி, இரண்டாம் முறை சேர்ந்த 287.76, பிரியாணி 47.96, சலவைத்தூள் 18.90 ஆகியவற்றின் கூட்டலோடு காசு பிசகாமல் ஒத்துப்போகிறது.

இளங்கோ அண்ணன், 9.15
அந்தக் காய்கறிச் சீட்டு நான் அனுப்பியது. கடைக்காரர் துண்டுத்தாளில் 38 என்று எழுதிக் கொடுத்தார். கடைப் பெயரும் தேதியும் இல்லை. அதைக் குழு ஏற்குமா?

வளர்மதி அக்கா, 9.19
எனக்கு உறுதியில்லை, அண்ணா. சென்ற முறை பொருளாளர் கையெழுத்திட்ட விளக்கக் கடிதத்தை ஏற்றார், இப்போது இருப்பவர் வேறு ஒருவர். அந்தத் தொகையைத் தனி வரியாகவே விட்டுவைப்போம். மறுத்தால் மொத்தம் 361.95 என்று ஆகும், மற்றவை நகராது.

இளங்கோ அண்ணன், 9.22
நாளைக் காலை தேக்காவுக்குத்தான் போகிறேன். அவரிடம் கடை முத்திரையோடு தேதி போட்டுத் தரச் சொல்லிப் பார்க்கிறேன்.