விளக்கு வைக்கும் நேரத்துக்கு அலாரம்: உங்கள் வீட்டில் எப்படி?

மடிப்பாக்கம் மருமகள்

எங்கள் மாமியாருக்கு ஒரே ஒரு கண்டிப்பு. சூரியன் மறையும்போது வீட்டில் விளக்கு எரிந்துகொண்டிருக்க வேண்டும். இருட்டிய பிறகு ஏற்றினால் அவருக்கு மனசு ஒப்பாது. கண் மங்கிவிட்டதால் வாசல் வெளிச்சத்தை வைத்துக் கணிக்க முடிவதில்லை, அதனால் போனில் சாயங்காலம் 6 மணிக்கு அலாரம் வைத்திருந்தோம். ஆனி, ஆடியில் அது சரியாக இருந்தது. ஐப்பசி வந்தால் அலாரம் அடிக்கும் முன்பே தெருவிளக்கு எரிகிறது. வாரம் ஒருமுறை மாற்றி வைத்துப் பார்த்தோம், யாராவது மறந்துவிடுகிறோம்.

இப்போது ஐபோனில் Shortcuts வழியாக ஒரு ஏற்பாடு செய்திருக்கிறேன். அதில் Automation போய், Time of Day எடுத்தால் மணிக்குப் பதிலாக Sunset என்று தேர்ந்தெடுக்கலாம். எத்தனை நிமிடம் முன்னால் என்றும் கேட்கும், 15 நிமிடம் கொடுத்திருக்கிறேன். Run Immediately என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இல்லையென்றால் "ஓட்டட்டுமா?" என்று திரையில் கேட்டுக்கொண்டு சும்மா நிற்கும், அம்மா கவனிக்கவே மாட்டார். "விளக்கு வைக்க நேரமாச்சு" என்று தமிழிலேயே எழுதி வைத்திருக்கிறேன்.

அது என் கணவரின் போன், அதில்தான் சிக்கல். அவர் வேலையாகக் கோவை போனால் போனும் கூடவே போகிறது. அங்கே அஸ்தமனம் இங்கிருப்பதைவிடத் தாமதம், நவம்பரில் கால் மணி நேரம்வரை. வீட்டில் அம்மாவுக்குச் சத்தமே கேட்பதில்லை. வேறு யார் வீட்டில் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

சேலத்துக்காரன்

இவ்வளவு சுற்றவே வேண்டாம் அக்கா. டிசம்பர் 21தான் பகல் மிகக் குறைவான நாள். அன்றைய அஸ்தமனத்துக்கு முன்னால் ஒரு நேரம் வைத்துவிட்டால் வருஷம் முழுக்க விளக்கு முன்கூட்டியே எரியும். சென்னைக்கு அன்று 5:47 என்று காட்டுகிறது. 5:40க்கு அலாரம் வையுங்கள், வேலை முடிந்தது.

மயிலை சர்வேயர் (ஓய்வு)

தம்பி சொல்வதில் பாதி சரி. பகல் மிகக் குறைவான நாள் டிசம்பர் 21 என்பது உண்மை. ஆனால் சூரியன் மிகச் சீக்கிரம் மறைகிற நாள் அது இல்லை. சென்னையில் அது நவம்பர் 20ஐ ஒட்டி வந்துவிடும், 5:39 வாக்கில். தம்பி சொன்ன 5:40 அலாரம் அடிக்கும்போது சூரியன் ஏற்கெனவே இறங்கியிருக்கும். அந்த அம்மா எதைக் கூடாது என்கிறாரோ அதுவே நடக்கும்.

காரணம் இதுதான். சூரியன் உச்சிக்கு வரும் நேரமே கடிகாரத்தில் நிலையாக நிற்பதில்லை. நவம்பர் தொடக்கத்தில் சென்னையில் உச்சி 11:52, 11:53க்கே வந்துவிடும். பிப்ரவரி நடுவில் அது 12:23 ஆகிவிடும். கார்த்திகை, மார்கழியில் உச்சி நாளுக்கு நாள் தள்ளிப் போகிறது, அது அஸ்தமனத்தையும் கூடவே இழுத்துக்கொண்டு போகிறது. பகல் இன்னும் குறுகிக்கொண்டுதான் இருக்கும், ஆனால் அந்தக் குறைவு காலையில் விழுகிறது. அதனால்தான் பொங்கலன்று அஸ்தமனம் 6 மணிக்குத் திரும்பிவிடுகிறது, காலை உதயம் மட்டும் 6:35க்கு மேல் ஏறாமல் தை நடுவரை அப்படியே நிற்கிறது. விடிகாலைப் பூஜை செய்கிறவர்கள் இதைக் கவனித்திருப்பார்கள்.

ஜூலை முதல் வாரத்தில் சென்னை அஸ்தமனம் 6:39. ஆக வருஷத்துக்கு ஒரு மணி நேர வித்தியாசம். அது சீராகவும் நகர்வதில்லை. செப்டம்பர் 22 அன்று 6:05, அக்டோபர் 20 அன்று 5:47. ஒரே மாதத்தில் 18 நிமிடம். மடிப்பாக்கம் அம்மாவுக்கு ஐப்பசியில் தொந்தரவு தொடங்கியது இதனால்தான்.

பிரதோஷம் தவறாதவள்

எனக்கும் இதே சந்தேகம்தான். பிரதோஷ நேரம் 4:30 முதல் 6 என்று கோயில் பலகையில் எழுதியிருக்கிறார்கள். அஸ்தமனம் 6:39 என்றால் பிரதோஷமும் தள்ளிப் போகுமா? எங்கள் வீட்டுப் பெரியவர் அஸ்தமனத்துக்கு முன் மூன்றே முக்கால் நாழிகையும் பின் மூன்றே முக்கால் நாழிகையும் சேர்த்துத்தான் பிரதோஷம் என்பார். ராகு காலமும் இப்படி மாறுமா?

மயிலை சர்வேயர் (ஓய்வு)

அம்மா, இங்கே பேச்சு விளக்கு வைப்பதைப் பற்றி. ஆனாலும் சொல்கிறேன். ராகு காலம் பகலை எட்டாகப் பிரித்து வருவது. ஒன்றரை மணி என்று நாம் மனப்பாடமாகச் சொல்வது 6 மணி உதயம், 6 மணி அஸ்தமனம் என்று வைத்துக்கொண்டது. பஞ்சாங்கம் துல்லியமாகப் பார்ப்பவர்கள் அன்றன்றைக்குக் கணக்குப் போடுவார்கள். பிரதோஷத்துக்கு எதை எடுப்பது என்பதில் உங்கள் கோயில் அர்ச்சகர் சொல்வதே உங்களுக்கு முடிவு.

காயல் கடலோரம்

இது எங்களுக்கு இன்னும் கறாரான விஷயம். மஃரிபு தொழுகை சூரியன் மறைந்த பிறகுதான், நோன்பு திறப்பதும் அப்போதுதான். விளக்கை முன்கூட்டி ஏற்றினால் தப்பில்லை. நோன்பை ஐந்து நிமிடம் முன்னால் திறந்துவிட்டால் அன்றைய நோன்பே போய்விடும்.

சென்னையில் வேலை பார்க்கும் பையன்கள் ரமலானில் ஊருக்கு வருவார்கள். போனில் தொழுகை நேரச் செயலி இருக்கும், அதில் ஊர் "சென்னை" என்று கையால் தேர்ந்தெடுத்து வைத்திருப்பார்கள். காயல்பட்டினம் சென்னைக்கு மேற்கே இரண்டு பாகைக்குக் கொஞ்சம் கூடுதல். ஒரு பாகைக்கு 4 நிமிடம். மார்ச் மாதம் பகலும் இரவும் சமமாக இருப்பதால் வடக்கு தெற்கு வித்தியாசம் அடிபட்டுப் போய்விடும், மீதி நிற்பது இந்த எட்டரை நிமிடம்தான். சென்னை நேரப்படி போன் பாங்கு சொல்லும்போது எங்கள் ஊர்க் கரையில் சூரியன் இன்னும் தெரியும். அதனால் பள்ளிவாசலில் அச்சடித்துத் தருகிற அட்டையும் பள்ளியில் சொல்கிற பாங்கும்தான் எங்கள் வீட்டுக்கு. போன் சும்மா நினைவுபடுத்த மட்டும்.

என் தம்பி லண்டனில் இருக்கிறான், அவன் பாடு வேறு. மே கடைசியிலிருந்து ஜூலை நடு தாண்டும்வரை அங்கே சூரியன் தொடுவானத்துக்குக் கீழே 18 பாகை இறங்குவதே இல்லை. விடிகாலைத் தொழுகையான ஃபஜ்ருக்கு அந்த 18ஐக் கணக்கில் வைத்திருக்கும் செயலி என்ன நேரம் காட்டும்? ஒன்று ஒரு விதமாக, இன்னொன்று வேறு விதமாகக் காட்டுகிறது. பள்ளிக்குப் பள்ளியும் முறை வேறு. அவன் தன் பகுதிப் பள்ளியைப் பின்பற்றுகிறான்.

பெருங்குடி ராஸ்பெரி

மடிப்பாக்கம் அக்கா, போன் ஊருக்குப் போவதுதான் பிரச்சினை என்றால் வீட்டிலேயே அசையாமல் இருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நான் ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினியில் ஹோம் அசிஸ்டென்ட் என்ற வீட்டுத் தானியங்கி மென்பொருளை ஓட்டுகிறேன். பூஜை அறைப் பக்கம் ஒரு ஸ்பீக்கர், அது குரலில் சொல்லும். ட்ரிகர் இவ்வளவுதான்:

```yaml
triggers:
  - trigger: sun
    event: sunset
    offset: "-00:20:00"
```

அந்தக் கழித்தல் குறியை விட்டுவிட்டால் அஸ்தமனத்துக்கு 20 நிமிடம் பிறகு பேசும். எங்கள் அம்மா விளக்கைத் துடைத்து, எண்ணெய் விட்டு, திரி போட்டு உட்கார கால் மணிக்கு மேல் ஆகிறது, அதனால் 20. நவம்பர் 20ஐ ஒட்டி 5:19க்குக் கூப்பிடும், பொங்கலன்று 5:40க்கு, ஜூலையில் 6:19க்கு. நான் எதையும் தொடுவதில்லை.

சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க Developer Tools உள்ளே States போய் `sun.sun` தேடுங்கள். அதில் `next_setting` என்று ஒரு வரி. நவம்பர் 20 அன்று அது 12:09 என்று காட்டும், பயப்பட வேண்டாம். அது உலகப் பொது நேரம், ஐந்தரை மணி கூட்டினால் 5:39.

அந்த வரியில் தேதியையும் பாருங்கள். ஒரு நண்பர் வீட்டில் நவம்பரில் ஸ்பீக்கர் வாயே திறக்கவில்லை. எல்லாம் சரியாகத்தான் எழுதியிருந்தார். `next_setting` மட்டும் பிப்ரவரி தேதி காட்டியது. அட்சரேகை இருக்க வேண்டிய இடத்தில் 80.27, தீர்க்கரேகை இடத்தில் 13.08. சென்னையை மாற்றிப் போட்டால் வீடு ஸ்வால்பார்ட் பக்கம் வடதுருவக் கடலில் போய் நிற்கிறது. அங்கே நவம்பரில் சூரியன் உதிப்பதே இல்லை, அப்புறம் எங்கே மறைவது? மென்பொருள் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. எண்களை இடம் மாற்றியதும் அன்று சாயங்காலமே பேசியது.

போடி மலையடிவாரம்

இந்தக் கணக்கெல்லாம் சமவெளிக்குச் சரி. எங்களுக்கு மேற்கே மலை. போன் சொல்கிற அஸ்தமனத்துக்கு ரொம்ப முன்னாலேயே சூரியன் மலைக்குப் பின்னால் போய் முற்றம் நிழலாகிவிடும். ஆனால் வானம் வெளிச்சமாகத்தான் இருக்கும். எங்கள் அப்பத்தா மலையில் சூரியன் விழுந்ததும் விளக்கு வைப்பார். என் அம்மா காலண்டர் நேரம் பார்ப்பார். எது சரி என்று வீட்டில் இன்னும் முடிவாகவில்லை. நான் அம்மா பக்கம். மலையை வைத்தால் ஒரே தெருவில் வீட்டுக்கு வீடு வேறு அஸ்தமனம் வரும்.

பெருங்குடி ராஸ்பெரி

அப்பத்தா பக்கம் போக வேண்டுமென்றாலும் வழி இருக்கிறது சகோ. `sun.sun`இல் சூரியன் எத்தனை பாகை உயரத்தில் இருக்கிறது என்பதும் வரும், `elevation` என்று. மலையில் விழும் நொடியில் அதைக் குறித்துக்கொண்டு அந்தப் பாகைக்குக் கீழே இறங்கும்போது பேசச் சொல்லலாம். மலை முகடு ஏறி இறங்குவதால் ஆடிக்கு ஒரு பாகை, மார்கழிக்கு ஒரு பாகை வேண்டியிருக்கும்.

டொரன்டோ தமிழ்ச்செல்வி

நான் யாழ்ப்பாணம், இப்ப டொரன்டோ. இங்கே டிசம்பரில் 4:40க்கே பொழுது பட்டுவிடும், நான் வேலையில். ஜூனில் இரவு 9 மணி தாண்டி, பிள்ளைகள் படுக்கைக்குப் போகிற நேரம். மார்ச்சில் கடிகாரத்தை மாற்றும்போது ஒரே இரவில் 6:10 வாக்கில் இருந்த அஸ்தமனம் 7:10 வாக்கில் போய்விடும். ட்ரிகர் தானாகச் சரிசெய்துகொள்ளும், வீட்டு ஆட்கள்தான் சரிசெய்ய ஏலாது.

அதனால் நான் இரண்டு எல்லை வைத்திருக்கிறேன். அஸ்தமனம் 5:45க்கு முன்னால் என்றால் நான் வீடு வந்ததும் ஏற்றுவது. 7:30க்குப் பின்னால் என்றால் 7:30க்கே ஏற்றிப் பிள்ளைகளோடு தேவாரம் பாடுவது. நடுவில் இருக்கிற மாதங்களில் சூரியனோடு சேர்ந்து போவது. ஊரில் அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. ஜூனில் பட்டப்பகலில் ஏற்றும் விளக்கு அந்தி விளக்கா என்று கேட்கிறா. எனக்குப் பிள்ளைகள் பக்கத்தில் இருப்பதே பெரிது. கனடாவில் வேறு ஆட்கள் என்ன செய்கிறீர்கள்?

மடிப்பாக்கம் மருமகள்

சேலத்துத் தம்பி, 5:40ஐ எடுத்துவிட்டேன். ராஸ்பெரி தம்பி, எங்கள் வீட்டில் ராஸ்பெரி இல்லை, பழைய ஐபோன் ஒன்று சிம் இல்லாமல் மேஜையில் கிடக்கிறது. அதை பூஜை அறைக்கு வெளியே சார்ஜரோடு நிரந்தரமாக வைத்து, வைஃபை கொடுத்து, அதே Sunset ஏற்பாட்டைப் போட்டிருக்கிறேன். லொகேஷன் அனுமதி அணைந்திருந்தது, அதையும் திறந்துவிட்டேன். நேற்று அம்மா தானே கேட்டு எழுந்து போனார். ஒன்று மட்டும் தெரிய வேண்டும். கரண்ட் போய் ரொம்ப நேரம் கழித்து வந்தால், அணைந்துபோன போன் திறவுகோல் எண் போடும்வரை பூட்டியே கிடக்குமே, அப்போதும் அது பேசுமா? யாராவது சோதித்துப் பார்த்திருக்கிறீர்களா?

சேலத்துக்காரன்

சனிக்கிழமை என் பழைய போனில் அணைத்துப் பார்த்துச் சொல்கிறேன் அக்கா. அதுவரை திறவுகோல் எண்ணையே எடுத்துவிடுங்கள், வீட்டிலேயே இருக்கும் போன்தானே.